சோற்றுப் பார்சல் விலையை வைத்து ஒரு காரண வளையப் படம்: முதல்முறை வரைபவர்களுக்கு

2022 ஓகஸ்ட் கடைசியில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்த வாக்குவாதத்திலிருந்துதான் இந்தப் படத்தை வரையத் தொடங்கினேன். கடை நடத்தும் அக்கா மீன் பார்சலின் விலையை மறுபடியும் கூட்டி எழுதியிருந்தார். கேட்டால் மீன் விலை என்றார். மீன் கொண்டுவந்து போடுபவர் மண்ணெண்ணெய் என்றார், அதுவும் உண்மை, அந்த மாதம்தான் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது, இங்கே கண்ணாடியிழைப் படகுகளின் வெளி என்ஜின் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். பார்சல் வாங்க வந்த மேசன் தம்பி, "சாப்பாடு இந்த விலை எண்டா நான் கூலியைக் கூட்டித்தானே கேக்க வேணும்" என்றார். அக்கா உடனே, "நீங்கள் எல்லாரும் கூலியைக் கூட்டினா நான் சமையல்காரிக்குக் கூட்டிக் குடுக்க வேணும், பிறகு பார்சல் விலை எப்பிடி நிக்கும்?" என்றார்.

கவனித்துப் பாருங்கள், ஒவ்வொருவரும் தனக்கு ஒரு படி முன்னால் இருப்பதைச் சரியாகச் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மேசன் சொன்னதன் காரணம் அக்கா, அக்கா சொன்னதன் காரணம் மேசன். இப்படிக் காரணம் சுற்றி வந்து தன் வாலையே பிடிக்கும் விஷயத்தைப் பட்டியல் போட்டு எழுதினால் விளங்காது, வட்டமாகத்தான் வரைய வேண்டும். அந்த வட்டத்துக்குத்தான் காரண வளையப் படம் என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜே ஃபொரெஸ்டர் தொடங்கிய அமைப்பு இயக்கவியல் என்ற துறையிலிருந்து வந்த முறை இது.

ஏ4 தாள் நாலைந்து, பென்சில், அழிறப்பர் போதும். கணினியை இப்போதைக்குத் திறக்காதீர்கள். முதல் மூன்று படங்கள் எப்படியும் குப்பைக்குத்தான் போகும்.

முதலில் கோடு, பிறகுதான் வட்டம்

புதிதாக வரைபவர்கள் நேரே அம்புகளில் இறங்கிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு சின்ன வரைபு போடுங்கள்: கீழே காலம், மேலே நீங்கள் விளங்கிக்கொள்ள நினைக்கும் விஷயம். விலையைப் பற்றி என்றால் இரண்டு வரைபு வேண்டும். ஒன்று விலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, மற்றது விலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். இது வேகம். வேகத்தின் கோடு மலை மாதிரி ஏறி இறங்குகிறது. உயரத்தின் கோடு செங்குத்தாக ஏறி, பிறகு மேலேயே படுத்துக்கிடக்கிறது, இறங்கவில்லை. அக்காவின் பலகையும் அதைத்தான் சொன்னது: 2023இல் விலை மாற்றி எழுதுவது நின்றது, பழைய விலை திரும்பி வரவில்லை.

இந்த இரண்டு கோடுகளையும் தாளின் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதை விளக்கத் தன்னைத்தானே தள்ளும் வளையம் ஒன்றாவது வேண்டும், ஏற்றம் அடங்கியதை விளக்க இழுத்துப் பிடிக்கும் வளையம் ஒன்றாவது வேண்டும். கடைசியில் படம் இந்த இரண்டு கோடுகளையும் விளக்குகிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு உதவாத அம்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் படத்தில் இருக்கத் தேவையில்லை.

பெயர் வைப்பது

அம்பு இணைப்பது சொற்களை. அந்தச் சொல் கூடவும் குறையவும் கூடியதாக இருக்க வேண்டும். "விலையேற்றம்" என்று எழுதினால் அதிலேயே திசை வந்துவிட்டது, பிறகு "விலையேற்றம் குறைகிறது" என்றால் விலை குறைகிறதா, மெதுவாக ஏறுகிறதா என்று நீங்களே குழம்புவீர்கள். வெறுமனே "சாப்பாட்டு விலை" என்று எழுதுங்கள். "கூலி கேட்கிறார்கள்" வேண்டாம், "நாட்கூலி" என்று எழுதுங்கள். "வியாபாரிகளின் பேராசை" என்று ஒருவர் எழுதச் சொன்னார், அது கூடிக் குறைவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன், அவரால் சொல்ல முடியவில்லை, விட்டுவிட்டோம். அவர் உண்மையில் சொல்ல வந்தது அரிசியை வாங்கி அடுக்குவதை. அதை எண்ணலாம், மூட்டைக் கணக்கில்.

அம்பும் குறியும்

இரண்டு சொற்களுக்கு நடுவே அம்பு போட்டதும் அதன் தலைக்குப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். முதலாவது கூடினால் இரண்டாவதும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும் என்றால் +. முதலாவது கூடினால் இரண்டாவது குறையும், குறைந்தால் கூடும் என்றால் −. அவ்வளவுதான். + என்றால் நல்லது என்றோ ஏறுகிறது என்றோ அர்த்தம் இல்லை, ஒரே திசை என்று மட்டும்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் முதல் படத்தில் எல்லோரும் நல்லதுக்கு + கெட்டதுக்கு − போட்டுவிடுகிறார்கள், அதனால் ஒவ்வொரு அம்பையும் வாய்விட்டு வாசியுங்கள்: "மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நாட்கூலி மட்டும் கூடினால், ஒரு பார்சலுக்கான செலவு, இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிடக் கூடுமா, குறையுமா?" நீளமான வாக்கியம்தான், ஆனால் அதில் உள்ள "இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட" என்ற துண்டு பின்னால் ஓர் இடத்தில் உங்களைக் காப்பாற்றும்.

இப்போது கடையில் நடந்த வாக்குவாதத்தை அப்படியே வரையலாம்.

```
சாப்பாட்டு விலை --(+)--> நாட்கூலிக்காரரின் அன்றாடச் செலவு
நாட்கூலிக்காரரின் அன்றாடச் செலவு --(+, தாமதம்)--> நாட்கூலி
நாட்கூலி --(+)--> ஒரு பார்சலுக்கான செலவு
ஒரு பார்சலுக்கான செலவு --(+)--> சாப்பாட்டு விலை
```

தாளில் இதை வட்டமாக வளைந்த அம்புகளால் போடுங்கள், நேர்க்கோடு வேண்டாம், வளைந்திருந்தால்தான் வளையம் கண்ணில் படும். எந்த வகை வளையம் என்று அறிய − குறிகளை எண்ணுங்கள். இங்கே ஒன்றும் இல்லை. பூச்சியமோ, இரண்டோ, நாலோ, இரட்டைப்படை என்றால் அது வலுப்படுத்தும் வளையம்: ஒரு தள்ளு சுற்றி வந்து அதே திசையில் இன்னொரு தள்ளாகிறது. ஒற்றைப்படை என்றால் சமன்செய்யும் வளையம்: தள்ளு சுற்றி வந்து எதிர்த்திசையில் இழுக்கிறது. ஆங்கிலப் படங்களில் நடுவே `R`, `B` என்று எழுதியிருப்பார்கள். நான் தாளில் வ, ச என்று எழுதிச் சுற்றி ஒரு சிறிய சுழல் அம்பு போடுவேன். இது வ1, கூலி வளையம். பெயரும் கட்டாயம் எழுதுங்கள், நாளைக்குத் திறந்து பார்க்கும்போது எண் மட்டும் இருந்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

கூலி அம்பில் தாமதம் என்று எழுதியிருக்கிறேனே, அதைத் தாளில் அம்பின் குறுக்கே இரண்டு சின்னக் கோடுகளாக // போடுவார்கள். அரிசி விலை ஏறிய அன்றே யாரும் கூலியைக் கூட்டிக் கேட்பதில்லை, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை பேசும்போதுதான் கேட்கிறார்கள். எல்லா அம்பிலும் கொஞ்சம் தாமதம் இருக்கும், மற்றவற்றைவிடத் தெளிவாக நீளமாக இருப்பதில் மட்டும் கோடு போடுங்கள்.

இந்த வளையத்தில் நான் முதலில் ஒரு பிழை விட்டேன். "அக்காவின் பார்சல் விலை" என்று எழுதி, அங்கிருந்து "அக்காவின் சமையல்காரியின் கூலி" என்று அம்பு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர கடையில விலை ஏறினதால அவ கூலி கேக்கேல்லை தம்பி, ஊர் முழுக்க ஏறினதால கேட்டவ. நான் மட்டும் ஏத்தியிருந்தா அவ ஒண்டும் கேட்டிருக்கமாட்டா, என்ர கடைக்கு ஆக்கள் வராமப் போயிருப்பினம்." முழுக்கச் சரி. ஒரு கடையின் விலையும் ஊரின் கூலியும் ஒரே அளவுப் பொருள்கள் அல்ல. ஒரு கடை என்றால் எல்லாச் சொல்லும் ஒரு கடையைப் பற்றியதாக இருக்க வேண்டும், நகரம் என்றால் எல்லாம் நகரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். கலந்தால் இல்லாத வளையம் ஒன்று மூடிக்கொள்ளும். அதனால்தான் மேலே "சாப்பாட்டு விலை" என்று இருக்கிறது, பார்சல் அதற்கு ஓர் அடையாளம் மட்டும்.

மண்ணெண்ணெய் எங்கே போகும்?

வளையத்துக்கு வெளியே. மண்ணெண்ணெய் விலை மீன் விலையைத் தூக்கும், மீன் விலை பார்சல் செலவைத் தூக்கும், ஆனால் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மீன் என்ன விலை போனாலும் அது மண்ணெண்ணெய் விலையைத் தீர்மானிப்பதில்லை. உள்ளே வரும் அம்பு இல்லாத சொல் இது. அதைத் தாளின் ஓரத்தில் எழுதி ஓர் அம்பை மட்டும் உள்ளே விடுங்கள். 2022 மார்ச்சில் ரூபாவைத் தளரவிட்டதும் டொலர் விலை ஏறியதும் அப்படித்தான், 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்ததும் அப்படித்தான். வாடைக் காலத்தில் நம் பக்கக் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத நாட்களில் மீன் விலை ஏறுமே, அதுவும் ஓரத்தில்தான் நிற்கும், காற்று மாறினால் தானாகப் போய்விடும்.

சரி, வெளியே இருப்பவைதானே உண்மையான காரணம், உள்ளே வட்டம் எதற்கு என்று கேட்கலாம். வெளித்தள்ளு ஒரு முறை தள்ளும். மண்ணெண்ணெய் லீற்றருக்கு 253 ரூபா கூடியது என்றால் மீன் விலை ஒரு படி ஏறி அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஒரு தள்ளு எப்படிப் பல மாத ஏற்றமாக நீள்கிறது என்பதற்கான விடை வளையத்துக்குள்தான் இருக்கிறது.

அதே சமயம், வலுப்படுத்தும் வளையம் என்று எழுதியதும் விலை எல்லையில்லாமல் பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பலர் வழுக்குகிறார்கள், அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. சாப்பாட்டு விலை 10 சதவீதம் ஏறுகிறது. கூலிக்காரர் குடும்பத்தின் செலவில் பாதி சாப்பாடு என்றால் அன்றாடச் செலவு 5 சதவீதம் கூடும். அதை முழுவதும் ஈடுகட்ட அவர் கூலியை 5 சதவீதம் கூட்டி வாங்கிவிடுகிறார் என்று வைப்போம். கடையின் செலவில் கூலி 30 சதவீதம் என்றால் பார்சல் செலவு 1.5 சதவீதம் கூடும். ஆக 10 ஆகப் போனது சுற்றி வரும்போது 1.5 ஆக வருகிறது. அடுத்த சுற்றில் 0.225. கூட்டினால் மொத்தம் 11.8க்குக் கொஞ்சம் குறைவாக நின்றுவிடுகிறது. வளையம் தள்ளைப் பெரிதாக்கியது உண்மை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்து அடங்கியது. பறக்க வேண்டுமென்றால் 10 ஆகப் போனது 10 ஆகவோ அதற்கு மேலாகவோ திரும்ப வேண்டும்.

அம்பும் குறியும் திசையை மட்டும் சொல்கின்றன, அளவைச் சொல்வதில்லை. ஆகவே படத்தைக் காட்டி "பாருங்கள், கூலி கூட்டியதால்தான் விலை பறந்தது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கணக்கில் கூலியின் பங்கு 1.8 சதவீதமளவு, மீதி 10 வெளியிலிருந்து வந்தது. கூலிக்காரர் கேட்டதும் இழந்ததை மட்டும்தான்.

இரண்டாவது தள்ளு: மூட்டை அடுக்குவது

கூலி வளையம் மட்டும் அந்த வருட ஏற்றத்தை விளக்கப் போதாது என்று கணக்கே சொல்லிவிட்டது. அந்த நாட்களில் நாம் எல்லோரும் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. இரண்டு கிலோ அரிசி வாங்கப் போனவர் ஒரு மூட்டை வாங்கி வந்தார். ஏன்? விலை அதிகம் என்பதாலா? விலை அதிகம் என்றால் குறைவாகத்தானே வாங்குவோம். நாளைக்கு இன்னும் ஏறும் என்பதால் வாங்கினோம். அதாவது இந்த அம்பு விலையின் உயரத்திலிருந்து புறப்படுவதில்லை, ஏறும் வேகத்திலிருந்து புறப்படுகிறது. மூலையில் இரண்டு கோடுகள் வரையச் சொன்னது இதற்காகத்தான். படத்தில் "விலை ஏறும் வேகம்" என்று ஒரு புதிய சொல் சேருங்கள்.

```
விலை ஏறும் வேகம் --(+)--> இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு
இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு --(+)--> முன்கூட்டி வாங்கும் மூட்டைகள்
முன்கூட்டி வாங்கும் மூட்டைகள் --(−)--> கடைகளில் இருக்கும் அரிசி
கடைகளில் இருக்கும் அரிசி --(−)--> விலை ஏறும் வேகம்
```

இரண்டு − இருக்கிறது, இரட்டைப்படை, வலுப்படுத்தும் வளையம், வ2. இது வ1ஐவிட மிக வேகமாகச் சுழல்கிறது, ஏனென்றால் நீண்ட தாமதம் எங்கும் இல்லை, காலையில் ஒரு செய்தி வந்தால் மாலைக்குள் தட்டு வெறுமை. அதே காரணத்தால் எதிர்த்திசையிலும் வேகமாகச் சுழலும்: வேகம் குறைகிறது என்று மக்கள் நம்பத் தொடங்கினால் வீட்டில் இருக்கும் மூட்டையை முதலில் தின்று தீர்ப்பார்கள், கடையில் வாங்குவது குறையும், அரிசி தேங்கும், வேகம் இன்னும் குறையும். வலுப்படுத்தும் வளையம் என்பது ஏற்றும் வளையம் அல்ல, எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் உதவும் வளையம்.

இழுத்துப் பிடிப்பது எது?

கடைக்கே திரும்புவோம். அக்கா விலையைக் கூட்டினால் முதலில் நடப்பது பார்சல் குறைவாக விற்பது. பிற்பகல் மூன்று மணிக்குச் சட்டியில் சோறு மிஞ்சியிருந்தால் அடுத்த நாள் விலையைக் கூட்டக் கை வராது, சில நாள் முட்டைப் பார்சல் என்று மலிவாக ஒன்று போடுவார்.

```
சாப்பாட்டு விலை --(−)--> விற்கும் பார்சல்கள்
விற்கும் பார்சல்கள் --(−)--> மிஞ்சும் சோறு
மிஞ்சும் சோறு --(−)--> சாப்பாட்டு விலை
```

மூன்று −, ஒற்றைப்படை, சமன்செய்யும் வளையம், ச1. சுற்றி வாசித்துச் சரிபாருங்கள்: விலை கூட, விற்பது குறைய, மிஞ்சுவது கூட, விலை குறைய. புறப்பட்டது கூடல், திரும்பி வந்தது குறைதல். எண்ணிக்கையும் வாசிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு குறி பிழை.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் படம் அழகாக இருந்திருக்கும், ஆனால் பொய்யாக இருந்திருக்கும். விற்கும் பார்சல் குறைந்தால் இன்னொன்றும் நடக்கிறது. கடை வாடகை, மின்கட்டணம், சமையல்காரியின் நாட்சம்பளம், இவை நூறு பார்சல் விற்றாலும் அறுபது விற்றாலும் ஒன்றுதான். நாள் ஒன்றுக்கு இவற்றுக்கு 6,000 ரூபா போகிறது என்று வைத்துக்கொண்டால் நூறு பார்சலில் ஒன்றுக்கு 60 ரூபா, அறுபது பார்சலில் ஒன்றுக்கு 100 ரூபா. விற்பது குறையக் குறைய ஒரு பார்சலின் தலையில் விழும் சுமை கூடுகிறது, அதை ஈடுகட்ட விலையைக் கூட்டச் சொல்கிறது கணக்கு.

```
சாப்பாட்டு விலை --(−)--> விற்கும் பார்சல்கள்
விற்கும் பார்சல்கள் --(−)--> ஒரு பார்சலுக்கான செலவு
ஒரு பார்சலுக்கான செலவு --(+)--> சாப்பாட்டு விலை
```

இரண்டு −, வலுப்படுத்தும் வளையம், வ3. முதல் அம்பு ச1இலும் இதிலும் ஒன்றே. அங்கிருந்து பாதை பிரிந்து ஒன்று விலையைக் கீழே இழுக்கிறது, மற்றது மேலே தள்ளுகிறது. "விற்கும் பார்சல்கள்" என்பதிலிருந்து "சாப்பாட்டு விலை"க்கு நேராக ஓர் அம்பு போட்டுக் குறி போடப் பார்த்தவருக்கு + ஆ − ஆ என்று முடிவெடுக்க முடியாமல் இருந்திருக்கும். குறி போடத் தடுமாறுகிறீர்கள் என்றால் அநேகமாக ஓர் அம்புக்குள் இரண்டு பாதைகள் ஒளிந்திருக்கின்றன. நடுவில் உள்ள சொற்களை வெளியே எடுத்து இரண்டாகப் பிரியுங்கள், அதுதான் மருந்து.

எந்த வளையம் வெல்லும்? படம் சொல்லாது. பக்கத்திலேயே வேறு கடைகள் இருந்து ஆட்கள் எளிதில் மாறக்கூடிய இடத்தில் ச1 பலமாக இருக்கும். வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு வர எல்லோரும் பழகிவிட்டால் எல்லாக் கடைக்கும் சேர்த்தே விற்பனை விழும், அப்போது வ3 பலமாகும், விலையைக் கூட்டினாலும் கட்டாது, கூட்டாவிட்டாலும் கட்டாது. இதைக் கண்டுபிடிக்க அக்காவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: ஆட்கள் குறைந்தபோது பக்கத்துக் கடைக்குப் போனார்களா, இல்லை சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார்களா? பெட்டி என்றார். அவர் பார்சலைச் சிறிதாக்கியது அதன் பிறகுதான். அது ஒரு வகையில் விலை கூட்டுவதுதான், பலகையில் தெரியாது. "சாப்பாட்டு விலை" என்பதை ஒரே அளவு சாப்பாட்டுக்கான விலை என்று வரையறுத்துத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வட்டியும் ஐந்து மாதத் தாமதமும்

நாட்டளவில் இழுத்துப் பிடிக்கப் போட்ட கயிறு மத்திய வங்கியின் வட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினார்கள், மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் வழங்கும் வீதம் 14.50 சதவீதமானது.

```
விலை ஏறும் வேகம் --(+)--> கொள்கை வட்டி
கொள்கை வட்டி --(−, தாமதம்)--> புதிதாக எடுக்கும் கடன்
புதிதாக எடுக்கும் கடன் --(+)--> மக்களும் கடைகளும் செய்யும் செலவு
மக்களும் கடைகளும் செய்யும் செலவு --(+, தாமதம்)--> விலை ஏறும் வேகம்
```

ஒரு −, சமன்செய்யும் வளையம், ச2. இதில்தான் தாமதக் கோடுகள் உண்மையில் வேலை செய்கின்றன. ஏப்ரலில் வட்டி கூடியது, ஆனால் பணவீக்கம் செப்டெம்பர் வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. தாமதத்தை மறந்தவர் இரண்டும் சேர்ந்தே ஏறுவதைப் பார்த்து வட்டியிலிருந்து வேகத்துக்கு + போட்டுவிடுவார், சேர்ந்து அசைவதையும் ஒன்று மற்றதை அசைப்பதையும் குழப்பிக்கொள்வது இப்படித்தான். ஒவ்வொரு அம்பிலும் வழி என்ன என்று கேளுங்கள்: வட்டி கூடினால் யார் எதைச் செய்யாமல் விடுகிறார்கள்? வான் வாங்க நினைத்தவர் தள்ளிப்போடுகிறார், வீட்டுக்கு மாடி எழுப்ப நினைத்தவர் நிறுத்துகிறார், மேசனுக்கு வேலை குறைகிறது. அந்த வழியைச் சொல்ல முடிந்தால் அம்பு இருக்கட்டும்.

69.8இலிருந்து 1.3க்கு இறங்கியது முழுவதையும் ச2இன் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2023 செப்டெம்பரை 2022 செப்டெம்பரோடு ஒப்பிடும்போது அடித்தளமே ஏற்கெனவே உயரத்தில் இருந்தது, அதனால் சதவீதம் சுருங்கித்தான் தெரியும். 2023இல் ரூபாவும் கொஞ்சம் தேறியது, அது ஓரத்தில் நிற்கும் வெளித்தள்ளு, இந்த முறை கீழ்நோக்கி.

கடைசியாக ஓர் அம்பு பாக்கி: விலை ஏறும் வேகத்திலிருந்து சாப்பாட்டு விலைக்கு. குறி +. ஆனால் "வேகம் குறைந்தால் விலை குறையும்" என்று வாசித்தால் பிழையாகிறது, வேகம் 69.8இலிருந்து 10க்கு இறங்கினாலும் விலை ஏறிக்கொண்டுதானே இருக்கும்? இங்கேதான் அந்த நீண்ட வாக்கியம் உதவுகிறது: வேகம் குறைந்தால் விலை, இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிடக் குறைவாக இருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும். தண்ணீர்த் தொட்டியில் குழாயைக் கொஞ்சம் மூடினால் தண்ணீர் இறங்காது, மெதுவாக ஏறும், அதே கதை. ச2 பிடிப்பது குழாயை, தொட்டியைக் காலி செய்யும் வளையம் இந்தப் படத்தில் எங்கும் இல்லை. "பணவீக்கம் 1.3 எண்டு ரிவியில சொல்லுறாங்கள், அரிசி ஏன் குறையேல்லை?" என்று 2023இல் ஊரெல்லாம் கேட்ட கேள்விக்குப் படத்தில் இருக்கும் பதில் இதுதான்.

திரும்ப வரைவது

இப்போது எல்லாவற்றையும் புதிய தாளில் ஒன்றாக வரையுங்கள். "சாப்பாட்டு விலை"யை நடுவில் வையுங்கள், அதற்கு மேலே "விலை ஏறும் வேகம்". இடப்பக்கம் கூலி வளையம், வலப்பக்கம் மிஞ்சும் சோறும் பார்சல் சுமையும், மேலே மூட்டையும் வட்டியும். அம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் வர இரண்டு மூன்று முறை இடம் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து வளையத்துக்கு மேல் போகாதீர்கள், பார்ப்பவருக்கு நூல்கண்டு மாதிரித் தெரியும். கணினியில் வேண்டுமென்றால் `Vensim PLE` படிப்பவர்களுக்கு இலவசம், ஒரு சொல்லைத் தேர்ந்து `Loops` என்பதை அழுத்தினால் அதன் வழியாகப் போகும் வளையங்களை அதுவே எண்ணிக் காட்டும், கண்ணுக்குத் தப்பிய வளையம் அங்கே பிடிபடும். உலாவியிலேயே அம்புகள் அசைவதைப் பார்க்க `Loopy` எளிது.

படம் முடிந்ததும் அந்த வளையத்துக்குள் வாழ்கிற ஒருவரிடம் கொண்டுபோய் விரலால் தொட்டுத் தொட்டுக் கதையாகச் சொல்லுங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். ச2 வந்ததும் விரலைப் பிடித்து நிறுத்தினார். "வட்டி கூடினா மற்ற ஆக்கள் கடன் எடுக்கமாட்டினம், சரி. நான் முதலே எடுத்த கடனுக்கும் வட்டியைக் கூட்டிப்போட்டாங்களே, அதை நான் எங்க கொண்டுபோய்ச் சேர்த்தது?" பார்சலில்தான். கொள்கை வட்டியிலிருந்து "ஒரு பார்சலுக்கான செலவு"க்கு ஓர் அம்பு, குறி +, அது சாப்பாட்டு விலைக்குப் போய், ஊர்க் கடைகள் எல்லாம் அப்படிச் செய்தால் ஏறும் வேகத்துக்கும் போய், மறுபடி வட்டிக்கு வருகிறது. ஒரு − கூட இல்லை.

அந்த அம்பைப் புள்ளிக்கோடாகப் போட்டேன். நிச்சயமாகத் தெரியாத அம்புகளை அப்படித்தான் போட வேண்டும், பக்கத்தில் எதைக் கேட்டால் தெரியும் என்று எழுத வேண்டும். எழுதியது இது: எத்தனை கடைகளின் கடன் மாறும் வட்டியில் இருந்தது, எத்தனை நிலையான வட்டியில் இருந்தது, மாதத் தவணை ஒரு நாள் விற்பனையில் எத்தனை பார்சல். அக்காவின் கடன் புத்தகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் கூடின வட்டி மட்டும் நாளுக்கு நாலு பார்சல் வந்தது. இன்னும் ஆறு கடையில் கேட்க வேண்டும்.